வார்டு வாசல்: பார்வையாளர் நேரம், டோக்கன், வருகைத் தாள்

மாலை நாலு மணிக்கு எந்த மாவட்டத் தலைநகரின் மருத்துவமனைக்குப் போனாலும் வார்டு வாசலில் ஒரு மேஜை கிடக்கும். மேஜையில் கோடு போட்ட நீள நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா, பின்னால் ஒரு செக்யூரிட்டி. சுவரில் "ஒரு நோயாளிக்கு இருவர் மட்டும்" என்று பலகை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நிற்பார்கள். நோட்டில் அந்தக் கட்டிலுக்கு ஒரே ஒரு பெயர் இருக்கும்.

இதற்காகச் செக்யூரிட்டியைக் கடிந்துகொள்வது சுலபம். பெரும்பாலும் தப்பு நோட்டின் அமைப்பில்தான் இருக்கிறது. வந்த வரிசைப்படி எழுதும் நோட்டில், ஒன்பதாம் படுக்கைக்கு இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க மூன்று பக்கம் புரட்ட வேண்டும். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது யாரும் புரட்ட மாட்டார்கள். எண்ண முடியாத நோட்டைக் கொடுத்துவிட்டு "இருவருக்கு மேல் விடாதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எண்ணிக்கையை டோக்கனிடம் விட வேண்டும். யார், எப்போது என்பதை நினைவில் வைக்கும் வேலை மட்டும் தாளுக்கு இருக்கட்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான்.

இங்கே சொல்வது 20 முதல் 30 படுக்கை வரை உள்ள பொது வார்டுக்கு. ஐ.சி.யூ.வின் கணக்கு வேறு. அங்கே ஒரு நேரத்தில் ஒருவர், சில நிமிடங்கள், நர்ஸ் கூப்பிட்ட பிறகு மட்டும் என்பதோடு முடிந்துவிடும். தாளை வாசல் மேஜையில் வைக்காமல் நர்ஸிடமே வைத்துக்கொள்ளலாம். தனி அறைகளுக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது.

நேரத்தை எங்கே வைப்பது

முதலில் வார்டின் நாளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் பல மருத்துவமனைகளில் நர்ஸ்களின் ட்யூட்டி காலை 8, மதியம் 2, இரவு 8 மணிக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அரை மணி நேரம் படுக்கை படுக்கையாக ஒப்படைப்பு நடக்கும். அந்த நேரத்தில் நோயாளியின் விவரத்தைச் சத்தமாகச் சொல்லுவார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த விருந்தாளி அதைக் காதில் வாங்கக் கூடாது. காலையில் ரவுண்ட்ஸ், கட்டு மாற்றுதல், துடைப்பம், சாப்பாடு என்று ஒரு மணி வரை ஓடிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பது, ஊசி, மாலை ரவுண்ட்ஸ். இவற்றையெல்லாம் கழித்தால் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான் காலி இடம் மிஞ்சும். அதில் முதல் ஒரு மணி நேரத்தை நோயாளியின் தூக்கத்துக்கு விட்டுவிட்டு, நாலு முதல் ஆறு வரை எடுத்துக்கொள்ளலாம். பல மருத்துவமனைகள் ஏற்கெனவே இந்த நேரத்தைத்தான் வைத்திருக்கின்றன. அதில் குறையொன்றுமில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரிக்காமல் திறந்துவிடுவதில்தான் குறை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு, 24 படுக்கை, அதில் 20 நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் கூடவே தங்கும் அட்டெண்டர் ஒருவர் இருக்கிறார். மாலையில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக நாலு பேர் பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆக 80 பேர். இவர்கள் இரண்டு மணி நேரத்தில் சீராகப் பரவி வருவதில்லை. பாதிப் பேர் முதல் இருபது நிமிடத்துக்குள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதாவது 40 பேர். வரிசை எண், தேதி, பெயர், முகவரி, போன், நோயாளி பெயர், உறவு, கையெழுத்து என்று எட்டுக் கட்டம் நிரப்ப ஒருவருக்கு 45 விநாடி ஆகும். நாற்பது பேருக்கு 1,800 விநாடி, அரை மணி நேரம். பழச்சாறும் பிளாஸ்க்கும் கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்தவர்கள் அரை மணி நேரம் நிற்க மாட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் யாராவது குரலை உயர்த்துவார்கள், பதினைந்தாவது நிமிடத்தில் செக்யூரிட்டி "எல்லாரும் போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். அன்றைய நோட்டு அந்த நிமிடத்தோடு முடிந்தது.

சில நிர்வாகங்கள் இதற்கு இரண்டாவது செக்யூரிட்டியை நியமிக்கின்றன. அதற்கு முன்னால் செலவில்லாத வழி ஒன்றுண்டு. படுக்கைகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரியுங்கள். ஒற்றைப்படை எண் உள்ள படுக்கைகளுக்கு 4.00 முதல் 4.50 வரை, இரட்டைப்படைக்கு 5.00 முதல் 5.50 வரை. வார்டை இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்தால் ஒரு பக்கம் முழுக்க நெரிசலாகவும் இன்னொரு பக்கம் காலியாகவும் கிடக்கும். ஒற்றை, இரட்டையாகப் பிரித்தால் கூட்டம் உள்ள ஒவ்வொரு கட்டிலுக்கும் இரு பக்கமும் உள்ள கட்டில்கள் அமைதியாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கட்டில்களுக்கு நடுவே உள்ள இடத்தை ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்தும். நர்ஸ் ஊசித் தட்டோடு போக வழி கிடைக்கும். ஊரிலிருந்து வரும் உறவுக்குப் போனில் சொல்வதற்கும் எளிது: "பெட் ஒன்பது, ஒத்தப்படை, நாலு மணிக்கு வந்துடுங்க."

நடுவில் விடும் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். குறுகிய வாசலில் வெளியே வருவோரும் உள்ளே போவோரும் மோதிக்கொள்வதுதான் சண்டை தொடங்கும் இடம். 4.45க்கு ஒரு மணி, 4.50க்கு இன்னொரு மணி, வெளியே வந்தவர்கள் டோக்கனைக் கொடுத்து முடிந்த பிறகுதான் அடுத்த பிரிவுக்குக் கதவு.

நம் பக்கத்தில் இந்தப் பிரிவினைக்கு வரும் பெரிய இடைஞ்சல் பஸ். கிராமத்திலிருந்து மூன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்குத் திரும்பிப் போகும் பஸ் ஐந்தேகாலுக்கு இருக்கும். அவர் பார்க்க வந்தது பத்தாம் படுக்கை என்றால் ஐந்து மணி வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம். ஆகவே படுக்கை எண் இல்லாத நாலு டோக்கன் தனியாக வைத்திருங்கள். "வெளியூர்" என்று அதில் எழுதியிருக்கட்டும். அவை வார்டு சிஸ்டரின் மேஜையில் இருக்க வேண்டும், வாசலில் இருக்கக் கூடாது. வாசலில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அவை தெரிந்தவர்களுக்கான டோக்கனாகிவிடும்.

ஆணியும் டோக்கனும்

வாசல் மேஜைக்குப் பின்சுவரில் ஒரு பலகை அடியுங்கள். அதில் படுக்கைக்கு இரண்டு ஆணி வீதம் 24 படுக்கைக்கு 48 ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் 9-அ, 9-ஆ என்று எண்ணெழுதிய டோக்கன் தொங்கும். உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் அட்டை போதும், கழுத்தில் மாட்டும் கயிற்றோடு இருந்தால் நல்லது. சட்டைப் பையில் போடுகிற அளவில் செய்தால் பாதி வீட்டுக்குப் போய்விடும். துணி நாடாவைத் தவிர்த்து, ஸ்பிரிட்டில் துடைக்கக்கூடிய நாடாவாக வாங்குங்கள். நாளுக்கு நாலு கழுத்து மாறுகிற பொருள் இது.

இதன் வேலை மிகச் சுருக்கமானது. ஆணியில் டோக்கன் இருந்தால் ஆள் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். செக்யூரிட்டி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. நோட்டைப் புரட்ட வேண்டியதில்லை. வாக்குவாதம் வந்தாலும் அவர் பலகையைக் காட்டினால் போதும். தீ, புகை என்று ஏதாவது நேர்ந்தால் வெற்று ஆணிகளையும் கொடுத்த வெளியூர் டோக்கன்களையும் எண்ணிய மாத்திரத்தில் எத்தனை பார்வையாளர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அட்டெண்டரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்குத் தனிப் பாஸ். 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, உடனிருப்போரின் கையில் வண்ணப் பட்டை கட்டும் முறை அரசு மருத்துவமனைகளில் கொண்டுவரப்பட்டது. தனியார் மருத்துவமனையிலும் அந்த வழி உதவும்: பட்டை கட்டியவர் தங்குகிறவர், டோக்கன் மாட்டியவர் போய்விடப் போகிறவர். இரண்டும் இல்லாமல் வார்டுக்குள் நிற்கிறவரிடம் எந்த நர்ஸும் தயங்காமல் "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்கலாம்.

டோக்கன் முறை உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். உள்ளே இருக்கிற மச்சான் தண்ணீர் பிடிக்க வருகிற சாக்கில் மாடிப்படி வரை வந்து, கழுத்திலிருந்து கழற்றி அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிடுவார். உள்ளே இருப்பது இருவர்தான், வரம்பு மீறவில்லை, ஆனால் யார் போனார் என்ற பதிவு போய்விட்டது. டோக்கன் கை மாறினால் மேஜை வழியாகத்தான் மாற வேண்டும் என்பதைச் செக்யூரிட்டிக்கு அழுத்திச் சொல்லுங்கள். மேஜையைக் கதவுக்கு உள்ளே ஓரமாகப் போடாமல், வெளியே வரும் வழியை மறிப்பது போலக் குறுக்கே போட்டால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

பைண்டு செய்த நோட்டை விடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித் தாள், அதில் படுக்கை வாரியாகக் கட்டம் முன்கூட்டியே அச்சிட்டிருக்க வேண்டும். படுக்கைக்கு ஆறு வரி. ஒரு தாளில் நாலு படுக்கை, 24 வரி. ஒற்றைப்படைப் பிரிவில் பன்னிரண்டு படுக்கை என்பதால் மூன்று தாள்: முதல் தாளில் 1, 3, 5, 7, இரண்டாவதில் 9, 11, 13, 15, மூன்றாவதில் 17, 19, 21, 23. ஒவ்வொன்றும் தனி அட்டையில் கிளிப் போட்டு வைக்கப்படும். மூன்று அட்டை இருப்பதால் ஒரே நேரத்தில் இருவர் எழுத முடியும். முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஒரு ஆயாவை மேஜைக்கு வரச் சொன்னால் வரிசை இரண்டாகப் பிரியும்.

ஒவ்வொரு வரியிலும் ஐந்தே கட்டம்: டோக்கன் (அ அல்லது ஆ), பெயர், போன், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். முகவரி வேண்டாம். நோயாளியின் பெயர் வேண்டாம். படுக்கை எண் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. உறவுமுறை எதற்கும் பயன்படுவதில்லை. கையெழுத்தும் வேண்டாம் என்பது என் கருத்து. கையெழுத்திலிருந்து பின்னால் ஒரு தகவலும் கிடைப்பதில்லை. எழுதத் தெரியாத பெரியவர்களை நாலு பேர் முன்னால் சங்கடப்படுத்துவதுதான் அதன் பலன். எல்லாவற்றையும் செக்யூரிட்டியே கேட்டு எழுதட்டும். ஒருவருக்கு 25 விநாடி ஆகும்.

இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். முதல் பிரிவில் நிரம்பிய படுக்கை பத்து. படுக்கைக்கு இரண்டு டோக்கன் என்பதால் முதல் அலையில் உள்ளே போகக்கூடியவர்கள் 20 பேர். இருபது முறை 25 விநாடி என்றால் 500 விநாடி, எட்டு நிமிடம் சொச்சம். இருவர் எழுதினால் நாலு நிமிடம். அரை மணி நேர வரிசை நாலு நிமிடமாகிவிட்டது, சம்பளச் செலவு கூடவில்லை. உங்கள் வார்டில் இந்த எண்கள் மாறும். ஒரு நாள் கைக்கடிகாரத்தோடு வாசலில் நின்று, ஒரு ஆளைப் பதிய எத்தனை விநாடி ஆகிறது, திறந்த இருபது நிமிடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும்.

போன் எண் விஷயத்தில் கவனம் தேவை. மேஜையில் விரித்து வைத்த நோட்டில் தனக்கு முன்னால் எழுதிய பெண்ணின் பெயரையும் எண்ணையும் பின்னால் வருகிற யாரும் படித்துவிடலாம், போனில் படமும் எடுத்துவிடலாம். அதன் பிறகு வருகிற தெரியாத அழைப்புகளுக்கு மருத்துவமனைதான் காரணம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. வழி எளியது. தாளின் அளவுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டி, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாகச் சன்னல் வெட்டுங்கள். எழுதும் வரிக்கு நேராக அந்த அட்டையை நகர்த்தி வைத்து எழுத வேண்டும், மற்ற வரிகள் மறைந்திருக்கும். பழைய எக்ஸ்ரே படலத்தில் கறுப்புத் தாள் ஒட்டிச் செய்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றலாமா என்று இளைய மேலாளர்கள் கேட்பார்கள். ஏற்றினால், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் அந்தப் பெயர்களும் எண்களும் வந்துவிடும். காகிதத்தில் எழுதிப் பின்னால் கணினியில் ஏற்றிய விவரத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஏற்றுவதில் வார்டுக்கு என்ன ஆதாயம் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

மூன்றரை மணிப் பட்டியல்

செக்யூரிட்டியிடம் இருக்கும் படுக்கை எண்ணும் வார்டில் இருக்கும் படுக்கை எண்ணும் ஒத்துப்போக வேண்டும். காலையில் ஒன்பதில் இருந்தவரை மதியம் பதினான்குக்கு மாற்றியிருப்பார்கள். அதனால் தினமும் மூன்றரை மணிக்கு வார்டு சிஸ்டர் ஒரு சின்னத் தாள் எழுதித் தர வேண்டும்: படுக்கை எண், நோயாளியின் பெயர், தேவைப்பட்டால் ஒரு குறிப்பு. குறிப்பு என்றால் நோயின் பெயர் அல்ல. "இன்று யாரும் வேண்டாம்", "சிஸ்டரைக் கேட்கவும்", "வரம்பு இல்லை" என்ற மூன்றே சொற்றொடர்கள் போதும்.

"யாரும் வேண்டாம்" என்பது இன்றைக்கு அறுவை முடிந்து மயக்கம் தெளியாதவருக்கு. நோயாளியே கேட்டாலும் அதையே எழுதலாம். மாமியார் வீட்டு ஆட்களைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லும் பெண்கள் உண்டு, அதை வாசலில் விளக்க வேண்டியதில்லை. "சிஸ்டரைக் கேட்கவும்" என்பது போலீஸ் வழக்கு உள்ள நோயாளிகளுக்கும் தொற்று உள்ளவர்களுக்கும். "வரம்பு இல்லை" என்பது இறுதி நிலையில் இருப்பவருக்கு. அவரைப் பார்க்க வருகிறவர்களிடம் டோக்கன் பேசக் கூடாது. முடிந்தால் அந்தக் கட்டிலைக் கதவுக்குப் பக்கத்துக்கு மாற்றித் திரை போட்டுவிடுங்கள். இந்த மூன்றையும் எழுதும் அதிகாரம் சிஸ்டருக்கு மட்டும். செக்யூரிட்டிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் அதற்கு விலையும் வந்துவிடும்.

ஒன்பதாம் படுக்கையின் ஒரு மாலை

ஒரு மாதிரியாக, பித்தப்பை அறுவை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். படுக்கை 9. அம்மா அட்டெண்டராக இருக்கிறார், கையில் பட்டை. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கணவரும் மாமனாரும் வருகிறார்கள். 4.04க்கு 9-அ, 9-ஆ இரண்டும் ஆணியிலிருந்து போய்விட்டன. 4.18க்குச் சித்தி, தன் பத்தொன்பது வயது மகனோடு வந்து நிற்கிறார்.

"நான் அவ சித்திப்பா. திருச்சியிலேர்ந்து வர்றேன்."

"உக்காருங்கம்மா. உள்ள உங்க மருமகனும் அவங்க அப்பாவும் இருக்காங்க. வந்து பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, ஆயாவ விட்டுச் சொல்லி அனுப்புறேன். அவங்க வந்ததும் நீங்களும் தம்பியும் சேந்தே போலாம்."

இந்தப் பதிலில் மூன்று விஷயம் இருக்கிறது: உள்ளே யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக, அடுத்தது எப்போது. மூன்றும் அச்சிட்ட கட்டத்தைப் பார்த்தாலே செக்யூரிட்டிக்குத் தெரிகிறது. "ரெண்டு பேருக்கு மேல விட மாட்டோம், ரூல்" என்று சொன்னால் அந்த அம்மாள் சூப்பரின்டெண்டென்ட் அறை வரை போய்விடுவார். காத்திருக்கச் சொல்கிறவர் நாற்காலியும் மின்விசிறியும் காட்ட வேண்டும். இருபது நாற்காலி போட இடமில்லாவிட்டால் டோக்கன் முறையைத் தொடங்காதீர்கள்.

4.25க்கு இருவரும் வெளியே வந்து டோக்கனைக் கொடுக்கிறார்கள். அந்தப் படுக்கையின் கட்டத்தில் இப்போது நாலு வரி நிரம்பியிருக்கும்:

9-அ, கணவர், போன், 4.04 – 4.25
9-ஆ, மாமனார், போன், 4.04 – 4.25
9-அ, சித்தி, போன், 4.27 – 4.49
9-ஆ, சித்தி மகன், போன், 4.27 – 4.49

(தாளில் பெயர்தான் இருக்கும். இங்கே புரிவதற்காக உறவைப் போட்டிருக்கிறேன்.)

சனிக்கிழமை காலை அந்தப் பையனுக்கு உடம்பில் கொப்புளம். சின்னம்மை. வீட்டில் வேப்பிலை வைத்துவிட்டு, ஞாயிறு மாலை சித்தி போனில் சொல்கிறார், அம்மா வார்டு சிஸ்டரிடம் சொல்கிறார். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். ஆக வியாழன் மாலை அவர் வார்டில் இருந்த இருபத்திரண்டு நிமிடமும் கணக்கில் வருகிறது.

சிஸ்டர் வியாழக்கிழமையின் ஒற்றைப்படைத் தாள் மூன்றையும் எடுக்கிறார். ஒன்பதாம் படுக்கை நோயாளி, அவருடைய அம்மா, பக்கத்தில் எட்டாம், பத்தாம் படுக்கை நோயாளிகள், அவர்களுடைய அட்டெண்டர்கள் முதல் வட்டம். இரட்டைப்படைப் படுக்கைகளுக்கு அந்த நேரத்தில் பார்வையாளர் யாரும் இல்லை என்பது பிரிவினையால் கிடைத்த லாபம். ஏழு, பதினொன்று ஆகிய படுக்கைகளுக்கு 4.27க்கும் 4.49க்கும் நடுவே யார் இருந்தார்கள் என்று போன் எண்ணோடு தாளில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கேட்பது இரண்டே கேள்வி: முன்பு சின்னம்மை வந்திருக்கிறதா, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா, புற்றுநோய்க்கோ வேறெதற்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறீர்களா? முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்பவரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியை, தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள், அதுவும் முடிந்தவரை சீக்கிரம் போட்டால்தான் பலன். ஞாயிறு மாலை என்பது நாலாவது நாள். தாள் சரியாக இருந்ததால் இன்னும் ஆறு நாள் கையில் இருக்கிறது.

வெளியே வந்த நேரம் எழுதப்படாமல் இருந்திருந்தால் அந்த மாலை ஒற்றைப்படைப் பிரிவுக்கு வந்த நாற்பது பேரையும் கூப்பிட வேண்டியிருக்கும். பையன் படிக்கட்டில் டோக்கன் மாற்றிக்கொண்டு போயிருந்தால் அவர் வந்ததே தாளில் இருந்திருக்காது.

சின்னம்மை தொற்றியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். எனவே தாள்களை ஒரு மாதத்துக்குள் எடைக்குப் போடக் கூடாது. இரண்டு மாதம் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள், பிறகு கிழித்துவிடுங்கள். முழுத் தாளாகப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தால் பெயரும் போன் எண்ணும் பொட்டலம் மடிக்கப் போய்விடும். போலீஸ் வழக்கு உள்ள படுக்கையின் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, மருத்துவமனையின் வழக்குப் பதிவுகளோடு சேர்த்துவிடுங்கள்.

தாள் பொய் சொல்கிறதா என்று பார்ப்பது

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் தாள்களைப் புரட்டினால் போதும். வெளியே வந்த நேரம் வரிசையாக 4.50, 4.50, 4.50 என்று ஒரே மசியில் இருந்தால், மணி அடித்த பிறகு யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். காலியான படுக்கைக்கு எதிரே பெயர் இருந்தால் மூன்றரை மணிப் பட்டியல் வரவில்லை என்று பொருள். போன் எண்ணில் ஒன்பது இலக்கம் மட்டும் இருப்பது அவசரத்துக்கு அடையாளம், அந்த நேரத்தில் வரிசை நீண்டிருக்கும். எல்லாப் படுக்கைக்கும் இரண்டே வரி நிரம்பி, மூன்றாவது வரி எங்கும் இல்லையென்றால் டோக்கன் படிக்கட்டில் கை மாறுகிறது.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் ஞாயிற்றுக்கிழமைத் தாள். ஞாயிறுதான் அதிகக் கூட்டம். அன்றைய வரிகள் செவ்வாய்க்கிழமையைவிடக் குறைவாக இருந்தால் செக்யூரிட்டி கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். அவரைக் கூப்பிட்டு மெமோ கொடுப்பதற்கு முன் அன்று முதல் பத்து நிமிடம் ஆயா மேஜைக்கு வந்தாரா, பேனா எழுதியதா, நாற்காலிகள் இருந்தனவா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, பலம் உள்ளவர்கள். கவுன்சிலர் பத்துப் பேரோடு வருவார். மருத்துவரின் சொந்தக்காரர் என்று ஒருவர் வருவார். ஜெபக் குழு வரும். மருத்துவமனை ஊழியர்களே தங்கள் வீட்டு ஆட்களைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் முறையை உடைக்கிறது, ஏனென்றால் வரிசையில் நிற்கும் நாற்பது பேரும் அதைப் பார்க்கிறார்கள். கவுன்சிலரைச் சமாளிக்கும் வேலையைச் செக்யூரிட்டியிடம் விடாதீர்கள். அவர் "சிஸ்டர் வர்றாங்கய்யா, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கட்டும். சிஸ்டர் வந்து இரண்டு டோக்கனைத் தானே எடுத்துக் கொடுத்து, மற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. கை ஓங்குகிற அளவுக்குப் போனால், மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைச் சொத்தையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைச் சுட்டும் பலகையை வாசலில் மாட்டுங்கள், ஆனால் "இருவர் மட்டும்" பலகைக்குப் பக்கத்தில் வேண்டாம். பார்க்க வருகிற எல்லாரையும் குற்றவாளியாக நினைப்பது போல இருக்கும்.

தொடங்கும் நாளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் முன்பே நோயாளிகளிடம் படுக்கை எண்ணும் நேரமும் எழுதிய சீட்டைக் கொடுங்கள். ஊருக்குப் போன் பண்ணிச் சொல்ல அது போதும். புதிய முறையைச் செவ்வாய்க்கிழமை ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் செக்யூரிட்டிக்கும் ஆயாவுக்கும் ஐந்து மாலை பழக்கம் கிடைத்திருக்கும்.